எழுத்தைக் குறுக்குவதா, வாக்கியத்தைக் குறுக்குவதா?

போன வருடம் ஆங்கிலப் படக்கதை ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. 24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிதான். மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகு, திருவல்லிக்கேணியில் இருக்கும் வடிவமைப்பாளர் எழுத்தைப் படத்தில் ஏற்றி அனுப்பினார். நான்காம் பக்கத்தில் கடைசி வரி, தூங்கும் பாட்டியின் கால் மேல் ஏறிக் கிடந்தது.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: எழுத்தைச் சிறிதாக்குவது, மிஞ்சிய வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவது, வாக்கியத்தையே திருப்பி எழுதுவது. மூன்றையும் செய்து பார்த்தோம்.

எழுத்தைக் குறைப்பது ஐந்து நிமிட வேலை. எழுத்தளவை 18 புள்ளியிலிருந்து 14 ஆக்கினால் வரிகள் அடங்கிவிடும். ஆனால் தமிழ் எழுத்து மேலும் கீழும் நீள்வது. வரி இடைவெளியையும் சேர்த்துக் குறைத்ததும் மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி 'கி'யின் கொக்கியில் போய் இடித்தது. அதைவிட மோசம் மெய்யெழுத்தின் புள்ளி. எங்கள் படத்தில் மண்தரை முழுக்கத் தூரிகைப் பொட்டுகள். அதன் மேல் சிறிய எழுத்தில் 'க்' எது, 'க' எது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை என்ன செய்யும்?

வரியைத் தள்ளுவது இன்னும் தவறு. படக்கதையைப் பெரியவர் வாசிக்கிறார், குழந்தை படத்தைப் பார்க்கிறது. காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நான் திருப்பி எழுதும் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

எங்கள் 4, 5ஆம் பக்கங்கள் சேர்ந்து ஒரே படம். இடதுபுறம் கட்டிலில் பாட்டி, வலதுபுறம் மூடிய கூடை. தாளைப் புரட்டினால் கோழி. ஆங்கிலத்தில் ஒரே நீள வாக்கியம். 'கோழி' என்ற சொல் புரட்டிய பிறகுதான் வரும். நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "திண்ணையோரக் கயிற்றுக் கட்டிலில் பாட்டி அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, கோழி நீலத் துணி போட்ட பிரம்புக் கூடையின் மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே குதித்தது."

இதில் நீளம் பாதிப் பிரச்சினைதான். 'தூங்கிக்கொண்டிருந்தபோது' ஒற்றைச் சொல்லாக ஒரு வரியை விழுங்குகிறது. சிறுவர் புத்தகத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரியில் போட மனம் வராது. மீதிப் பாதி, வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் நம் வழக்கம். அதனால் எழுவாய் முன்னால் வந்து, கோழி 5ஆம் பக்கத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. புரட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

படத்தில் தெரியும் திண்ணை, கயிறு, நீலத் துணி, பிரம்பு நான்கையும் எடுத்தேன். 'மெல்ல' என்பதைச் சேர்த்தேன், வேகத்தைப் படம் காட்டாதே.

"பாட்டி நல்ல தூக்கம்.
கூடை மூடி மெல்ல எழுந்தது.
உள்ளே இருந்து வந்தது யார்?"

புரட்டினால்: "கோழி!"

கடைசி வரியைப் பாருங்கள். 'வந்தான்', 'வந்தாள்' என்று எழுதியிருந்தால் விகுதியே பாதி விடையைச் சொல்லிவிடும். 'வந்தது யார்' என்றால் ஆளுக்கும் பொருந்தும், கோழிக்கும் பொருந்தும். வரிகளின் வரிசையும் இடமிருந்து வலமாகப் படத்தோடு நகர்கிறது.

இந்த வழியிலும் இடறினேன். கூடை மேல் கிடந்த நீலத் துணி படத்தில்தான் இருக்கிறதே என்று அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன். ஏ4 தாளில் அச்செடுத்து, மடித்து, பின் அடித்து, பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு வாசித்தபோது 18ஆம் பக்கத்தில் நிறுத்தினாள். "எந்தத் துணி அத்தை?" அந்த இடத்தில் கதையே நீலத் துணியைத் தேடுகிறது. 4, 5ஆம் பக்கங்களுக்குத் திரும்பி, 'நீலத் துணி போட்ட கூடை' என்று மாற்றினேன். வெட்டும் முன் அந்தப் பொருள் பின்னால் எங்கே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். வாசிக்கும்போது குழந்தையின் விரல் எங்கே போகிறது என்று கவனித்தால் போதும், பொருந்தாத வரி அகப்பட்டுவிடும்.

படத்தையே மாற்றச் சொல்வது நான்காவது வழி. ஒரே ஒரு பக்கத்தில் கேட்டோம், ஓவியர் வானத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார். அந்த ஒரு அனுபவத்தை வைத்து அதிகம் பேச முடியாது. பல மொழிகளில் சேர்த்து அச்சடிக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அச்சில் ஒவ்வொரு வண்ண மைக்கும் தனித் தகடு உண்டு. எழுத்து முழுவதும் கறுப்பு மையில் இருந்தால் மொழிக்கு மொழி கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். படத்தைத் தொட்டாலோ, இருண்ட படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தாலோ மற்ற வண்ணத் தகடுகளும் மாறும், செலவு ஏறும்.

சந்தப் பாட்டாக வரும் படக்கதையை நான் செய்ததில்லை. அங்கே சொல்லை வெட்டினால் தாளமும் போகும் என்பதால், இந்த முறை அப்படியே ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன்.