பத்து மீட்டர் வயரும் கடற்காற்றும்: ஸ்பீக்கர் வயர், பனானா பிளக் அனுபவம்

பெசன்ட் நகரில் கடற்கரையிலிருந்து நாலைந்து தெரு தள்ளி என் வீடு. ஹாலின் அமைப்பு கொஞ்சம் கோணல். ஆம்பிளிஃபயர் ஒரு மூலையில் இருக்கிறது. இடது ஸ்பீக்கர் அதிலிருந்து மூன்று மீட்டரில். வலது ஸ்பீக்கருக்குப் போகும் வயர் வாசல் நிலையைச் சுற்றி, சுவரோரமாகப் போய்ச் சேர வேண்டியிருப்பதால் பத்து மீட்டர் பிடிக்கிறது. இந்த ஏற்பாட்டில் பல ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்கிறேன். வயர் பற்றி நான் எழுதுவதெல்லாம் அந்தப் பத்து மீட்டர் சொல்லிக்கொடுத்ததுதான். மூன்று மீட்டர் பக்கம் ஒருபோதும் பிரச்சினை தந்ததில்லை.

ஆரம்பத்தில் இரு பக்கமும் 0.75 சதுர மில்லிமீட்டர் தட்டை வயர்தான். ஆம்பிளிஃபயர் வாங்கிய கடையிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். என் ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் எந்த ஸ்பீக்கரும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் மின்மறுப்பு. தயாரிப்பாளர் தரும் மின்மறுப்பு வரைபடத்தில் இது சில இடங்களில் 4 ஓம் வரை இறங்குகிறது, வேறு சில இடங்களில் 20 ஓமுக்கு ஏறுகிறது. வயரின் தடிமன் ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு விடை இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

0.75 வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.026 ஓம். பத்து மீட்டர் தூரம் என்றால் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக இருபது மீட்டர் தாமிரம். மொத்தம் 0.52 ஓம். ஸ்பீக்கர் 20 ஓமில் நிற்கும் சுரங்களில் இந்த அரை ஓம் 0.2 டெசிபெல்தான் தின்னும். அதே ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் ஒரு டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். எல்லாச் சுரமும் ஒரே அளவு குறைந்தால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே சில சுரங்கள் மட்டும் அடங்குகின்றன. ஸ்பீக்கரின் குணமே லேசாக மாறுகிறது. என் வலது பக்கத்தில் மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் ஒடுங்கியே ஒலித்தது. அதை அறையின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். அறைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை.

காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை, சாதாரண மல்டிமீட்டரே போதும். கைப்பேசியிலிருந்து 60 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டு, ஆம்பிளிஃபயர் டெர்மினலில் 2 வோல்ட் ஏ.சி. காட்டும்வரை வால்யூமை ஏற்ற வேண்டும். பிறகு அதே சுரம் ஓடும்போதே ஸ்பீக்கர் டெர்மினலில் அளக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் வழியில் தொலைந்தது. எனக்கு 0.75 வயரில் 1.84 வோல்ட் வந்தது. 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியபின் 1.95. ஓம் அளவில் வைத்து நேரடியாக அளந்தால் இவ்வளவு தெளிவு கிடைக்காது. மலிவான மீட்டரின் முனைகளிலேயே 0.2 ஓம் போய்விடும், அதைக் கழித்தபிறகு மிஞ்சுவது ஊகம்தான். அளக்கும்போது மீட்டர் முனை இரண்டு டெர்மினலையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் நல்ல ஆம்பிளிஃபயர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பழையதாக இருந்தால் புகைந்துவிடும்.

எவ்வளவு தடிமன் போதும் என்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல், மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர்களை வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல் எழுதி வைத்தது. போக வர வயரின் மொத்த மின்தடை, ஸ்பீக்கர் மின்மறுப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார் அவர். கணக்கில் நான் 8 ஓமை எடுத்துக்கொள்வதில்லை, ஸ்பீக்கர் இறங்கும் அடித்தட்டான 4 ஓமையே எடுக்கிறேன். அதாவது 0.2 ஓம் எல்லை. பத்து மீட்டருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 0.27 ஓம், எல்லையைத் தாண்டுகிறது. இரண்டரை போட்டால் 0.16, உள்ளே அடங்குகிறது. மூன்று மீட்டர் பக்கத்துக்கு ஒன்றரையே தாராளம், 0.08தான் வரும். நான்கு சதுர மில்லிமீட்டருக்குப் போனால் பத்து மீட்டரில் 0.1 ஓமாகக் குறையும். ஆனால் 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடைப்பட்ட இழப்பு வித்தியாசம் இரண்டரையில் 0.27 டெசிபெல், நான்கில் 0.17. அந்தப் பத்தில் ஒரு டெசிபெல்லைக் கேட்கும் காது எனக்கு இல்லை. தடித்த வயரின் எடை டெர்மினலை இழுப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பெட்டிகளில் கேஜ் எண் போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய வயர் தடிக்கும், மூன்று எண் இறங்கினால் தாமிரம் இரட்டிக்கும். 16 கேஜ் சுமார் 1.3 சதுர மில்லிமீட்டர், 14 கேஜ் 2.1, 12 கேஜ் 3.3. நம் ஊர் அளவுகளுடன் அப்படியே பொருந்தாது, பக்கத்தில் வரும்.

இரண்டு பக்கமும் ஒரே நீளம் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் வெட்டித்தான் போட்டிருக்கிறேன். ஏழு மீட்டர் வித்தியாசத்தால் வரும் தாமதம் நானோ நொடிக் கணக்கு. தலையை ஒரு சென்டிமீட்டர் சாய்த்தால் அதைவிட ஆயிரம் மடங்கு மாற்றம் வரும். கவனிக்க வேண்டியது மின்தடை வித்தியாசத்தை மட்டும்தான். அதற்கும் நீண்ட பக்கத்துக்குத் தடித்த வயர் என்பதே மருந்து.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இடையில் இணையத்தில் 14 கேஜ் என்று விற்ற, கண்ணாடி போன்ற உறை கொண்ட ஒரு சுருளை வாங்கினேன். சுருளைத் தூக்கும்போதே எடை குறைவாகத் தெரிந்தது. ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தாமிர முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் சுத்தத் தாமிரத்தைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு மின்தடை கொண்டது, ஆகவே 14 கேஜ் விலைக்கு 16 கேஜ் வாங்கியதாகக் கணக்கு. மடக்கினால் இழைகள் சீக்கிரம் முறியும், திருகின் கீழ் நசுங்கி நாளடைவில் தளரும். வெளியே வெள்ளையாக இருப்பதைப் பார்த்தே எதையும் தள்ளிவிட வேண்டாம், ஈயம் பூசிய தாமிரமும் அப்படித்தான் இருக்கும். அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். கடைசியில் நான் போட்டது எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும், இந்தியத் தர அளவான ஐ.எஸ். 694 முத்திரையுள்ள இரண்டு கோர் ஃப்ளெக்சிபிள் தாமிர வயர். பார்க்க அழகில்லை. சோபாவுக்குப் பின்னால் அழகு யாருக்கு வேண்டும்?

வயரைவிட அதன் முனைகள்தான் எனக்கு அதிக வேலை வைத்தன. முதலில் உறையை உரித்து, முறுக்கி, டெர்மினலின் துளையில் நுழைத்துத் திருகியிருந்தேன். புதிதாக இருக்கும்போது இதைவிட நல்ல இணைப்பு கிடையாது. இடையில் வேறு உலோகம் இல்லை, திருகு நேரே தாமிரத்தைப் பிடிக்கிறது. ஆனால் கடற்காற்று விடவில்லை. புளி போட்டுத் தேய்க்காத செப்புக்குடம் போல, முதல் மழைக்காலம் முடியும்போதே முனை கறுத்து, அடுத்த ஆண்டுக்குள் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டது. உறைக்குள்ளும் இரண்டு விரற்கடை தூரம் ஏறியிருந்தது. அதோடு இழைகள் திருகின் அழுத்தத்தில் மெல்லப் பரந்து, இறுக்கமும் குறைந்திருந்தது. வலது பக்கம் சில நேரம் ஒலி தாழும், ஸ்பீக்கரை நகர்த்தினால் கரகரத்துத் திரும்ப வரும்.

இதையும் அளக்கலாம். அதே 60 ஹெர்ட்ஸ், அதே 2 வோல்ட். மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டெர்மினல் உலோகத்திலும் மற்றதை அதற்குச் சற்றுத் தள்ளி வயர் இழையிலும் வைக்க வேண்டும். சுத்தமான இணைப்பில் ஒரு மில்லிவோல்ட் சுற்றி வரும். என் களிம்பு முனையில் முப்பதைத் தாண்டியது. ஓடிய மின்னோட்டம் மூன்றில் ஒரு ஆம்பியர் அளவு என்பதால், அந்த ஒரு முனை மட்டுமே 0.1 ஓம். இரண்டரை வயரில் ஆறு மீட்டரைக் கூடுதலாகச் சுற்றிப் போட்டதற்குச் சமம்! தடித்த வயருக்குக் கொடுத்த காசு அந்த முனையிலேயே போய்க்கொண்டிருந்தது. களிம்பு ஏறிய பகுதியை முழுதும் வெட்டி எறிந்து, புதிதாக உரித்துத் திருகியதும் அளவு பழையபடி ஒன்றுக்கு வந்தது. இழைகளில் ஈயத்தை உருக்கி ஊற்றிவிட்டுத் திருகலாமே என்று தோன்றும். வேண்டாம். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் வழிந்து சில மாதங்களில் திருகு ஆடத் தொடங்கும்.

பிறகுதான் பனானா பிளக்குக்கு மாறினேன். வயர் முனையில் மாட்டி, டெர்மினலின் பின்துளையில் செருகும் வில் கொண்ட உலோக முள் அது. ரிச்சி தெருவில் இரண்டு வகை எடுத்தேன். ஒன்றில் வயரைச் சிறு திருகுகள் பிடிக்கும், மற்றொன்றில் வயரைப் பற்றவைக்க வேண்டும். பனானாவால் ஒலி மேம்பட்டது என்று சொல்ல மாட்டேன், புதிய வெறும் முனைக்கும் அதற்கும் மீட்டரிலும் காதிலும் வித்தியாசம் தெரியவில்லை. கிடைத்தது வேறு. இழை சிதறி அடுத்த டெர்மினலைத் தொடும் பயம் ஒழிந்தது. ஆம்பிளிஃபயரைத் தூசு தட்ட எடுத்தால் பிளக்கை உருவி மீண்டும் செருகினால் போதும். உருவிச் செருகும்போதெல்லாம் தொடும் இடம் தன்னைத்தானே உரசிச் சுத்தமாக்கிக்கொள்கிறது.

திருகு வகை ஓராண்டுக்குப் பிறகு ஏமாற்றியது. பிளக்குக்குள்ளேயும் வெறும் இழைதானே இருக்கிறது, களிம்பு அங்கேயும் ஏறியது. வெளியே பொன்முலாம் பளபளத்ததால் சந்தேகமே வரவில்லை, மில்லிவோல்ட் அளவுதான் காட்டிக்கொடுத்தது. பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடிய பிளக்குகள் இன்றுவரை அசையவில்லை. பற்றவைக்க வராதவர்கள் திருகு வகையை வாங்கினால் முதல் சில வாரங்களில் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பிளக்கின் வில் தளர்ந்துவிட்டால் தடித்த வயரின் எடைக்குத் தானே கீழிறங்கும். விரலால் தொட்டால் சுழல்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சில ஆம்பிளிஃபயர்களில் டெர்மினலின் பின்துளையைப் பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். ஐரோப்பாவில் சிறிய சாதனங்களுக்கான தட்டை மின் பிளக்கின் முள்ளும் 4 மில்லிமீட்டர்தான், பனானாவும் 4 மில்லிமீட்டர்தான். குழந்தைகள் மாற்றிச் செருகிவிடக் கூடாதென்று அங்கே அடைத்து அனுப்புகிறார்கள். மூடியை ஊசியால் நெம்பி எடுத்தால் பனானா உள்ளே போகும். அதே காரணத்தால், ஸ்பீக்கர் முனையில் செருகியிருக்கும் வயரின் மறுமுனைப் பனானாவைத் தரையில் கிடக்க விடாதீர்கள். சுவரில் உள்ள 5 ஆம்பியர் சாக்கெட்டின் துளை அதற்குப் போதுமான அளவு பெரியது.

அமுக்கிச் செருகும் ஸ்பிரிங் டெர்மினல் மட்டுமே உள்ள ஸ்பீக்கர் என்றால் இந்தப் பேச்சில் பாதி வேண்டியதில்லை. பனானா அதில் போகாது, இரண்டரை வயரின் இழைகளும் முழுதாக நுழையாது. நாலைந்து இழையை வெட்டிவிட்டு நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட முனையில் குழாய் போன்ற ஃபெர்ரூலை அழுத்திப் பொருத்தி, அதன் நுனியில் மெல்லிய ஊசிமுனை உள்ள வகையாகப் பார்த்து வாங்கினால், வயர் முழுதும் வேலை செய்யும்.