நடுக்கம்பியின் விசை: வெட்டிப் பார்ப்பதா, மூட்டை நகர்த்திப் பார்ப்பதா?

உத்தரத்தில் மூன்று எஃகுக் கம்பிகள் கீல்களால் மாட்டப்பட்டுள்ளன. கீழே மூன்றும் ஒரே மூட்டில் சேர்கின்றன. நடுக்கம்பி செங்குத்தானது, நீளம் 2 மீட்டர். பக்கக் கம்பிகள் இரண்டும் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தவை, ஆகவே ஒவ்வொன்றும் 4 மீட்டர். எல்லாவற்றுக்கும் குறுக்குப் பரப்பு 400 சதுர மி.மீ.; எஃகின் மீள்மைக் குணகம் 200 கிகாபாஸ்கல் என்றால் EA = 80,000 கிலோநியூட்டன். மூட்டில் 50 கிலோநியூட்டன் சுமை தொங்குகிறது. எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும்?

மூட்டுக்குச் சமநிலைச் சமன்பாடுகள் இரண்டே. தெரியாத விசைகளோ மூன்று. ஒரு கம்பி மிகை. சமநிலை விட்ட இடத்தை நிரப்புவது இயைபு நிபந்தனை: சுமை ஏறிய பிறகும் மூன்று முனைகளும் ஒரே புள்ளியில்தான் இருக்க வேண்டும். இந்த ஒரே நிபந்தனையை இரண்டு வழிகளில் எழுதலாம்.

முதல் வழியில், மூட்டு இறங்கும் தூரம் δ தான் தெரியாக் கணியம். இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் மூட்டு நேராகக் கீழே இறங்கும். நடுக்கம்பி δ அளவு நீளும். பக்கக் கம்பியின் நீட்சி, அந்த இறக்கத்தில் கம்பியின் திசையில் விழும் பங்கு மட்டுமே: δ cos 60°, அதாவது பாதி. EA-ஐ நீளத்தால் வகுத்தால், மி.மீ.க்கு நடுக்கம்பியின் விறைப்பு 40 கிலோநியூட்டன், பக்கக் கம்பியுடையது 20. எனவே நடுவில் விசை 40δ, பக்கத்தில் 20 × δ/2 = 10δ. பக்க விசைகளின் செங்குத்துப் பங்கு இரண்டும் சேர்ந்து 10δ. 40δ + 10δ = 50; δ = 1 மி.மீ. நடுவில் 40 கிலோநியூட்டன், பக்கங்களில் 10 வீதம். முடிந்தது.

மாணவர்கள் சறுக்குவது அந்த cos-இல்தான். படத்தில் முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து, நீட்சியை δ/cos 60° என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது மூன்று கம்பிகளுக்கும் 25 கிலோநியூட்டன் வருகிறது. இதன் ஆபத்து என்னவென்றால், 25 + 2 × 25 × 0.5 = 50 என்று சமநிலை கச்சிதமாகச் சரிபார்க்கப்பட்டுவிடும். தவறைப் பிடிக்க நீளத்தைத்தான் அளக்க வேண்டும். சரியான விடையில் மூட்டு 1 மி.மீ. இறங்கினால் பக்கக் கம்பியின் செங்குத்து அளவு 2000-லிருந்து 2001 ஆகும். கிடை அளவு மாறாது. பித்தகோரஸ் தரும் புதிய நீளம் 4000.5 மி.மீ. நீட்சி அரை மி.மீ., இரண்டு மி.மீ. அல்ல.

இரண்டாம் வழியில் நடுக்கம்பியைக் கீழ்முனையில் வெட்டிவிடுகிறோம். மீதிக் கம்பிகள் இரண்டும் 50 வீதம் ஏற்கின்றன, ஒவ்வொன்றும் 2.5 மி.மீ. நீள, மூட்டு 5 மி.மீ. இறங்குகிறது. இப்போது நடுக்கம்பியின் விசை X மூட்டை X/10 மி.மீ. மேலே இழுக்கிறது, அந்தக் கம்பியையும் X/40 மி.மீ. நீட்டுகிறது. இடைவெளி மூட வேண்டுமானால் 5 − X/10 = X/40. X = 40. கடைசி உறுப்பை மறந்தால் X = 50 வரும். பக்கக் கம்பிகள் எதையுமே தாங்கவில்லை என்று பொருள்படும் அந்த விடையைப் பார்த்ததுமே சந்தேகம் எழ வேண்டும்.

ஒரே மூட்டு என்றால் என் தேர்வு முதல் வழிதான். அதே மூட்டில் ஐந்து கம்பிகள் சேர்ந்தாலும் தெரியாதவை இரண்டு நகர்வுகளைத் தாண்டாது. வெட்டினால் மூன்று மிகை விசைகள் வந்து நிற்கும். பிரெஞ்சுப் பொறியாளர் நேவியே 1826-இல் வெளியிட்ட பாடங்களில் இத்தகைய கம்பித் தொகுதியை மூட்டு நகர்வுகளைக் கொண்டே தீர்த்தார். ஆனால் இரண்டு மூலைவிட்டங்கள் கொண்ட சதுர டிரஸ்ஸை எடுத்தால் நிலைமை தலைகீழ். ஆறு உறுப்புகள், நான்கு மூட்டுகள், மூன்று தாங்கு விசைகள்: மிகை ஒன்றே, நகர்வுகளோ ஐந்து. கையால் கணக்கிடுபவர் ஒரு மூலைவிட்டத்தை வெட்டி ஒரே சமன்பாட்டில் முடிக்கலாம். வெட்டிய முனைகளின் இடைவெளியைக் காண மேக்ஸ்வெல் 1864-இலும், மோர் 1874-இலும் தந்த அலகு விசை முறை கைகொடுக்கும். கணினிக்கு ஐந்து ஒரு சுமையே அல்ல. எதை வெட்டுவது என்று யோசிக்க வைக்காததால் மென்பொருள்கள் பெரும்பாலும் நகர்வு முறையையே பின்பற்றுகின்றன.

வெட்டும் முறை எனக்கு உண்மையாகவே பிடிப்பது பிழைபட்ட நீளத்தில். நடுக்கம்பி 0.5 மி.மீ. குட்டையாக வந்து, இழுத்து மாட்டப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். சுமை ஏதுமில்லை. மூட வேண்டிய இடைவெளி 0.5 தான்: X/10 + X/40 = 0.5, X = 4 கிலோநியூட்டன். நடுக்கம்பி இழுவிசையில், பக்கக் கம்பிகள் ஒவ்வொன்றும் 4 கிலோநியூட்டன் அமுக்கத்தில். 50 கிலோநியூட்டன் சுமையைத் தொங்கவிட்டால் நடுவில் 44, பக்கங்களில் 6.