முத்து மாலைக்கு ஊறவைப்பதா, துடைப்பதா?

தங்க நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்ப்பது நம் வீடுகளில் பழகிய வழி. அதே கிண்ணத்தில் முத்து மாலையையும் பவள மாலையையும் போட்டுவிடுவதுதான் தவறு. முத்தும் பவளமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். அமிலம் பட்டால் கரையும், கடினமான துகள் பட்டால் கீறும். பூந்திக்கொட்டைச் சாறு லேசான அமிலத்தன்மை கொண்டது. தங்கத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது, முத்துக்கு அது வேண்டாம்.

ஊறவைப்பதில் இன்னொரு கெடுதல் நூலில் இருக்கிறது. நல்ல முத்து மாலையைப் பட்டு நூலில், ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சுப் போட்டுக் கோர்த்திருப்பார்கள். நனைந்த பட்டு தளரும். துளைக்குள் போன ஈரம் சீக்கிரம் காயாது, அழுக்கும் முடிச்சில் கறுப்பாகத் தங்கிவிடும்.

பற்பசை, பல்பொடி, சமையல் சோடா மூன்றையும் விட்டுவிடுங்கள். பற்பசையில் இருக்கும் தேய்ப்புத் துகள்கள் முத்தைக் கீறும். தேய்த்தவுடன் பளிச்சென்று தெரியும், ஆனால் மேல் அடுக்கு தேய்ந்திருக்கும். அந்த மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதுதான் முத்தின் பளபளப்பு, போனால் திரும்ப வராது. வினிகரும் எலுமிச்சையும் இன்னும் மோசம். பவளத்தில் வெளுத்த மாவு போல ஒரு படலம் தெரிந்தால், அமிலம் அரித்திருக்கலாம்.

என் தேர்வு துடைப்பதுதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு. பழைய மல் துணியை அதில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, மாலையைத் துண்டின் மேல் நீளமாகப் போட்டு ஒவ்வொரு முத்தாகத் துடைக்க வேண்டும். துளையோரத்தில்தான் வியர்வையும் பவுடரும் அதிகம் சேரும், அங்கே கொஞ்சம் நிதானம். அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை. உலர்ந்த துண்டில் படுக்கையாக ஓர் இரவு விடுங்கள். ஈரத்தோடு தொங்கவிட்டால் முத்தின் பாரமே நூலை இழுத்து நீட்டிவிடும்.

பவளத்துக்கும் இதே முறைதான், முதலில் ஒரு சோதனை மட்டும். கொக்கிப் பக்கத்து மணி ஒன்றை ஈரமான வெள்ளைப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் அது சாயம் ஏற்றிய மணி, தண்ணீரே வேண்டாம், உலர்ந்த துணி போதும். சிவக்காவிட்டால் சாயமே இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஆனால் ஈரத்துணி தாங்கும்.

சாதாரணக் கண்ணாடி மணிச் சரத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசலாம். கண்ணாடியின் மேல் முத்துப் பூச்சு இருந்தால் மட்டும் அலசக் கூடாது, அது துளையோரத்தில் உரிய ஆரம்பிக்கும்.

துடைத்தும் முடிச்சு கறுப்பாகவே இருந்தால், அல்லது முத்துக்கும் முடிச்சுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், கோர்ப்பவரிடம் கொடுத்து நூலை மாற்றச் சொல்லுங்கள்.