தொங்கும் சிப்பாய்கள்: தள்ளுவதா, காப்பதா?

வியாசர்பாடியில் என்னோடு சதுரங்கம் ஆடும் தம்பி ஒருவன் வெள்ளையில் c4, d4 ஜோடியோடு திணறுகிறான். b, e நேர்வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாததால் இவை தொங்கும் சிப்பாய்கள்.

d5 தள்ளினால்: b2 பிஷப்புக்கு g7 வரை வழி திறக்கும். ஆனால் முதலில் d5-ஐத் தாக்கும் காய்களையும் தாங்கும் காய்களையும் எண்ண வேண்டும். தாங்குவது ஒன்று குறைந்தாலும் சிப்பாய் போய்விடும்.

காத்தால்: யானைகள் c1, d1-இல் நிற்கும், d4 சிப்பாய் c5, e5 கட்டங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் குதிரையும் பிஷப்பும் மாறிப் போகப் போக, வெறும் காவல்வேலைதான் மிஞ்சும்.

அப்புறம், c5 தள்ளுவதை நான் பெரும்பாலும் தவிர்ப்பேன்: d5 எதிரிக் குதிரைக்கு நல்ல இருக்கையாகிவிடும், d4 பின்தங்கித் தவிக்கும்.

காய்கள் நிறைய இருந்து, கருப்பு ராஜா g8-இல் என்றால் d5. தாங்கும் காய்கள் போதாவிட்டால் காத்திருங்கள், காய்களை மட்டும் மாற்றாதீர்கள்.