செயலியில் 400 பங்குகள், டெபாசிட்டரியில் பூஜ்யம்: அம்மாவின் டீமேட் கணக்கில் நடந்தது

"என் பங்குகளெல்லாம் இந்தச் செயலியில்தான் இருக்கின்றன" என்று தரகு நிறுவனத்தின் திரையைக் காட்டிச் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பங்குகள் அங்கே இல்லை. தரகர் தம் கணினியில் எழுதி வைத்திருக்கும் கணக்குதான் அந்தத் திரையில் தெரிகிறது. அந்தக் கணக்கும் உண்மையும் வேறுவேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018-இல் என் அம்மாவின் கணக்கில் பார்த்தோம். அதை எழுதுவதற்குக் காரணம், அதே நிலைமைக்கு இடம்கொடுக்கும் கணக்குகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன.

அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா இறந்த பிறகு அவர் வாங்கி வைத்திருந்த 400 பங்குகள் அம்மா பெயருக்கு மாறின. அதற்காக ஊரிலிருந்த ஒரு தரகு நிறுவனத்தின் கிளையில், பங்குகளை மின்னணுப் பதிவாக வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்கப்பட்டது. விண்ணப்பப் படிவம் முழுவதையும் கிளை ஊழியரே நிரப்பினார். கூடவே ஒரு பவர் ஆஃப் அட்டர்னி பத்திரத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். அப்போது பெரும்பாலான தரகர்கள் வாங்கினார்கள். அம்மா அதன் பிறகு எதையும் வாங்கவோ விற்கவோ இல்லை. நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் பாக்கியும் கிடையாது.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈவுத்தொகை வரும். அந்த ஆண்டு பங்குக்கு 6 ரூபாய் அறிவித்திருந்தார்கள். 2,400 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிளைக்குப் போய்க் கேட்டோம். மேலாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கள் அம்மா, 400 பங்குகளும் அப்படியே இருக்கின்றன. கம்பெனியில்தான் தாமதம்" என்றார். திரையில் 400 இருந்தது உண்மைதான். கேட்ட உடனே ஒரு அறிக்கையும் அச்சிட்டுக் கொடுத்தார். அதிலும் 400.

அந்தப் பங்கை வெளியிட்ட நிறுவனத்தின் பதிவாளரிடம் டீமேட் எண்ணைக் கொடுத்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஈவுத்தொகை யாருக்கு என்று தீர்மானிக்கும் பதிவுத் தேதியன்று டெபாசிட்டரி அனுப்பிய உரிமையாளர் பட்டியலில் அம்மாவின் பெயரே இல்லை என்று பதில் வந்தது.

இந்த இடத்தில் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தியாவில் இரண்டு டெபாசிட்டரிகள் இருக்கின்றன. 1996-இல் தொடங்கியது என்எஸ்டிஎல். 1999-இல் வந்தது சிடிஎஸ்எல். காகிதப் பத்திரத்துக்குப் பதிலாகப் பங்குகள் இவற்றின் பதிவேட்டில்தான் மின்னணுப் பதிவாக இருக்கின்றன. 1996-ஆம் ஆண்டின் டெபாசிட்டரிகள் சட்டப்படி, நிறுவனத்தின் ஏட்டில் பதிவுபெற்ற உரிமையாளர் டெபாசிட்டரி. ஈவுத்தொகை, போனஸ், வாக்கு என எல்லாப் பலன்களுக்கும் உரியவர் டீமேட் கணக்கு வைத்திருப்பவர். பங்கை வெளியிட்ட நிறுவனத்துக்குத் தரகர் யாரென்றே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பதிவுத் தேதியன்று டெபாசிட்டரியிடம் பட்டியல் கேட்கும், அதில் உள்ளவர்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும்.

நாம் டெபாசிட்டரியிடம் நேரடியாகக் கணக்குத் தொடங்க முடியாது. டெபாசிட்டரி பங்கேற்பாளர் என்ற இடைநிலை நிறுவனம் வழியாகத்தான் தொடங்க வேண்டும். வங்கிகள் சிலவும் தரகர்கள் பலரும் அந்தப் பங்கேற்பாளர்களாக இருக்கிறார்கள். தரகரின் வேலை வேறு: நமக்காகப் பங்குச்சந்தையில் வாங்குவது, விற்பது. ஒரே நிறுவனம் இரண்டு உரிமங்களையும் வைத்துக்கொண்டு ஒரே கவுண்ட்டரில் இரண்டு படிவங்களையும் நீட்டுவதால், மக்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. அம்மாவின் பங்குகளைக் காக்கவேண்டிய பங்கேற்பாளரும், அவற்றின் மேல் கண்வைத்த தரகரும் ஒரே நிறுவனமாக இருந்ததுதான் இங்கே சிக்கல்.

சிடிஎஸ்எல்-க்குப் பான் அட்டை நகலுடன் கடிதம் எழுதி, கணக்கு அறிக்கையை வீட்டு முகவரிக்கு அனுப்பக் கேட்டோம். வந்த தாளில் எல்லாம் ஒரே வரியில் இருந்தது. மே மாதத் தேதியில் 400 பங்குகள் பற்று, இருப்பு பூஜ்யம். அந்த வரியை எப்படிப் படிப்பது என்பது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பங்குச்சந்தையில் விற்கப்பட்டிருந்தால் அங்கே அந்த விற்பனையைக் குறிக்கும் ஒரு செட்டில்மென்ட் எண் இருக்கும். விற்றதற்கான ரசீதாகத் தரகர் தரும் காண்ட்ராக்ட் நோட்டும் நமக்கு வந்திருக்கும். இதில் செட்டில்மென்ட் எண் இல்லை. சந்தைக்கு வெளியே நடந்த மாற்றம் என்ற குறிப்பும், பங்குகள் போய்ச் சேர்ந்த கணக்கின் 16 இலக்க எண்ணும் இருந்தன. சிடிஎஸ்எல் எண்ணில் முதல் 8 இலக்கங்கள் பங்கேற்பாளரைக் குறிக்கும், பின் 8 இலக்கங்கள் வாடிக்கையாளரை. அந்த எண்ணின் முதல் 8 இலக்கங்களும் அம்மாவின் எண்ணில் உள்ளவையும் ஒன்றே. அதாவது பங்குகள் அதே நிறுவனத்திடம் இருந்த இன்னொரு கணக்குக்குப் போயிருந்தன. அது தரகரின் சொந்தக் கணக்கு.

பவர் ஆஃப் அட்டர்னி, நாம் விற்ற பங்கை ஒப்படைக்கவும் நமது பாக்கிக்கு ஈடாக எடுக்கவும் கொடுக்கப்பட்டது. விற்காத, பாக்கியில்லாத ஒருவரின் பங்குகளை எடுத்துத் தன் கணக்கில் போட்டுக்கொள்ள அல்ல. அப்படி எடுத்தால் அவற்றைத் தன் சொத்துபோலக் காட்டி, கடன் கொடுப்பவரிடம் அடமானம் வைக்கலாம். இங்கே தரகரின் உள்கணக்கு மென்பொருளில் மட்டும் 400 என்ற எண் அப்படியே விடப்பட்டிருந்தது. செயலியும், மேலாளர் அச்சிட்ட அறிக்கையும் அந்த மென்பொருளிலிருந்து வந்தவை.

அப்படியானால் டெபாசிட்டரியின் எஸ்எம்எஸ் ஏன் வரவில்லை? படிவத்தில் அம்மாவின் கைப்பேசி எண்ணுக்குப் பதிலாகக் கிளையின் எண்ணும், அவர்களே உருவாக்கிய ஒரு மின்னஞ்சலும் எழுதப்பட்டிருந்தன. எச்சரிக்கை போனது, எடுத்தவரிடமே. இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. முதியவர்களுக்கு உதவுவதுபோல் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அந்த ஒரு கட்டத்தில் தன் எண்ணை எழுதிக்கொள்வது கவனக்குறைவால் நடப்பதில்லை.

நாங்கள் அறிக்கையோடு மறுபடி போன பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். "நிர்வாக வசதிக்காக மாற்றியிருப்பார்கள் சார், பங்கு எங்கும் போகாது" என்றார் மேலாளர். ஒரு வாரத்தில், தங்களிடம் இருந்த அம்மாவின் பணக்கணக்கான லெட்ஜரில் 2,400 ரூபாய் வரவு வைத்து, "ஈவுத்தொகை வந்துவிட்டது" என்று தொலைபேசியில் சொன்னார்கள். இது மிக முக்கியமான அடையாளம். உங்கள் பெயரில் பங்கு இருந்தால் ஈவுத்தொகை உங்கள் வங்கிக்குத்தான் வரும். தரகரின் லெட்ஜரில் வந்தால், பதிவுத் தேதியன்று பங்கு தரகர் கணக்கில் இருந்திருக்கிறது என்று பொருள்.

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் புகார் பதிந்தோம். சிடிஎஸ்எல் அறிக்கை, மேலாளர் கொடுத்த அறிக்கை, லெட்ஜர் நகல் மூன்றையும் இணைத்தோம். இரண்டு அறிக்கைகளிலும் ஒரே தேதிக்கு வெவ்வேறு இருப்பு இருந்ததால் நிறுவனத்தால் மழுப்ப முடியவில்லை. சில மாதங்களில் 400 பங்குகளும் திரும்ப வந்தன. வந்த உடனே ஒரு வங்கியில் புதிய டீமேட் கணக்கு தொடங்கி, பங்குகளை அங்கே மாற்றி, பழைய கணக்கை மூடச் சொன்னோம். தமது இன்னொரு கணக்குக்குப் பங்குகளை மாற்றிவிட்டு மூடுபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. கிளையில் முதலில் கேட்டார்கள், எழுத்தில் மறுத்ததும் விட்டுவிட்டார்கள்.

இது எங்கள் ஊர்க் கிளையின் தனிக்கதை அல்ல என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. 2019 நவம்பர் 22 அன்று கார்வி என்ற தரகு நிறுவனத்துக்கு எதிராக செபி இடைக்கால உத்தரவு போட்டது. வாடிக்கையாளர்களின் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கியதுதான் அங்கும் குற்றச்சாட்டு. டிசம்பர் தொடக்கத்தில் என்எஸ்டிஎல் 80,000-க்கும் மேற்பட்ட முதலீட்டாளர்களின் கணக்குகளுக்குப் பங்குகளைத் திருப்பி மாற்றியது.

அதன் பிறகு விதிகள் இறுகின. 2020 செப்டம்பரிலிருந்து, வர்த்தகத்துக்கு ஈடாகத் தரகரிடம் வைக்கும் மார்ஜினுக்காகப் பங்கைக் கொடுப்பதென்றால் அது நம் கணக்கிலேயே இருக்கும். அதன் மேல் அடமானக் குறி மட்டும் விழும், அதற்கும் டெபாசிட்டரி அனுப்பும் ஓடிபியை நாமே உறுதிசெய்ய வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னியின் இடத்தில் 2022 முதல் டிடிபிஐ என்ற குறுகிய அதிகாரப் பத்திரம் வந்திருக்கிறது. அதையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு விற்பனைக்கும் டெபாசிட்டரி தளத்தில் டிபின் என்ற ரகசிய எண்ணோடும் ஓடிபியோடும் நாமே அனுமதி தர வேண்டும். அரிதாக விற்பவர்களுக்கு அதுவே நல்லது.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஓடிபி யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. கணக்கில் முகவரின் எண் இருந்தால் அனுமதி தருபவரும் அவரே. ஆகவே முதலில் பங்கேற்பாளரிடம் வாடிக்கையாளர் விவரப் படிவத்தின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி, அதிலுள்ள கைப்பேசி, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, நியமனதாரர் விவரங்களைப் பாருங்கள். வெற்றுப் பங்கு மாற்றச் சீட்டில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அது கையில் இருப்பவருக்கு இவ்வளவு உழைப்பும் தேவையில்லை.

அடுத்து, இருப்பைத் தரகரின் செயலியில் பார்க்காமல் டெபாசிட்டரியிலேயே பாருங்கள். டீமேட் எண் 16 இலக்கங்களும் எண்களாகவே இருந்தால் சிடிஎஸ்எல். அதன் தளத்தில் Easi என்ற சேவையில் பதியலாம். IN என்று தொடங்கினால் என்எஸ்டிஎல், அங்கே IDeAS. இணையம் பழகாத பெரியவர்களுக்கு, டெபாசிட்டரி அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை இருக்கிறது. பரிவர்த்தனை நடந்த மாதங்களில் அடுத்த மாதம் வரும், இல்லையென்றால் அரையாண்டுக்கு ஒருமுறை. அது உங்கள் வீட்டுக்கோ மின்னஞ்சலுக்கோ ஓராண்டாக வரவில்லை என்றால், அது எந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று டெபாசிட்டரியிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.