கூம்புத் தொட்டி மட்டம்: மாறாத பிஐ, 25 விதி ஃபஸி, மட்டத்தைப் பார்க்கும் ஃபஸி

நேரியல் அல்லாத ஒரு செயல்முறையை எடுத்து, அதில் பிஐடியையும் ஃபஸி லாஜிக் கண்ட்ரோலரையும் ஓட்டி, இரண்டு வளைகோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து "ஃபஸியே சிறந்தது" என்று முடிக்கும் ஒப்பீடுகள் ஏராளம். அந்த முடிவுக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். செயல்முறையின் வளைவு எந்த மாறியில் இருக்கிறது? கண்ட்ரோலரின் வளைவு எந்த மாறியில் இருக்கிறது? இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபஸியில் 49 விதி எழுதினாலும் பெரிய பலன் கிடைக்காது. இதைக் கூம்புத் தொட்டியில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கூர்முனை கீழே இருக்கும் கூம்பு. உயரம் 60 செ.மீ., மேல் ஆரம் 20 செ.மீ. மேலே நீர் விழுகிறது, அடியில் ஒரு துளை வழியே வெளியேறுகிறது. வெளியேறும் அளவு மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: விநாடிக்கு 20√h க.செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பம்ப் அதிகபட்சம் விநாடிக்கு 250 க.செ.மீ. தரும். வால்வு, சென்சார் வடிகட்டி எல்லாம் சேர்ந்து 4 விநாடி தாமதம்.

```
A(h) dh/dt = u - 20*sqrt(h)
A(h) = pi*h*h/9
```

u உள்ளே வரும் ஓட்டம், h மட்டம், A(h) அந்த மட்டத்தில் நீர்ப்பரப்பு. சிக்கல் முழுவதும் A(h)-இல் இருக்கிறது. மட்டம் 10 செ.மீ.யில் நீர்ப்பரப்பு 35 சதுர செ.மீ. 50 செ.மீ.யில் அதுவே 873. அதே ஒரு குவளை நீர், கீழே மட்டத்தை 25 மடங்கு வேகமாக ஏற்றுகிறது. அந்தந்த மட்டத்தைச் சுற்றி நேரியலாக்கினால் நேர மாறிலி கீழே 11 விநாடி, மேலே 617 விநாடி.

முதலில் மாறாத பிஐ, அதாவது பிஐடியின் விகிதப் பங்கும் இன்டெக்ரல் பங்கும் மட்டும். டெரிவேட்டிவை இங்கே விட்டுவிடுகிறேன். நீர்ப்பரப்பின் சிற்றலையை அது பெருக்கிக் காட்டுமே தவிர, பெரிதாக உதவாது. பிஐ எண்களைத் தேர்ந்தெடுக்க உதவும் ஸ்கோகெஸ்டாட்டின் SIMC விதிப்படி ஒவ்வொரு மட்டத்துக்கும் உரிய கெயின் Kc, இன்டெக்ரல் நேரம் Ti ஆகியவை இவை:

| மட்டம் (செ.மீ.) | Kc (செ.மீ. பிழைக்கு க.செ.மீ./விநாடி) | Ti (விநாடி) |
|---|---|---|
| 10 | 4.4 | 11 |
| 25 | 27 | 32 |
| 50 | 109 | 32 |

மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 50-க்குச் சரிசெய்த 109-ஐ 10 செ.மீ.யில் ஓட்டினால், விளைவு உடனே தெரியும். அங்கே வெறும் விகிதக் கட்டுப்பாட்டுக்கே நிலைத்தன்மையின் எல்லை 16 அளவில்தான். வால்வு முழுத் திறப்புக்கும் முழு மூடலுக்கும் இடையில் அடித்துக்கொண்டே இருக்கும்.

மறுபக்கம்தான் பலரை ஏமாற்றுகிறது. 10-க்குச் சரிசெய்த 4.4, 11 ஜோடியை 50 செ.மீ.யில் ஓட்டினால் "கெயின் குறைவுதானே, மெதுவாக ஆனால் பத்திரமாகப் போகும்" என்று தோன்றும். அப்படிப் போகாது. ஏறக்குறைய ஐந்து நிமிட அலைவு நேரத்தில், தணிப்பு விகிதம் 0.11 அளவில், மட்டம் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டிருக்கும். பரப்பு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது விகிதப் பங்கு போதவில்லை, இன்டெக்ரல் மட்டும் வண்டியை இழுக்கிறது. இந்த நீள அலையைப் பார்த்து Kc-ஐ இன்னும் குறைப்பவர்கள் நிலைமையை மோசமாக்குவார்கள். அங்கே செய்ய வேண்டியது கூட்டுவது. வேகமான, எல்லைகளில் மோதும் அலை என்றால் கெயின் அதிகம். தாமதத்தைவிடப் பல மடங்கு நீளமான, சோம்பலான அலை என்றால் Ti-யோடு ஒப்பிட கெயின் குறைவு. டிரெண்ட் வரைபடத்தில் அலைவு நேரத்தை அளந்தாலே எது என்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது வழக்கமான ஃபஸி. உள்ளீடு இரண்டு: பிழை, பிழையின் மாற்றம். வெளியீடு வால்வுக்குக் கொடுக்கும் கூடுதல் அல்லது குறைவு. ஒவ்வொன்றுக்கும், ஒரு மதிப்பு ஒரு சொல்லுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் ஐந்து முக்கோண மெம்பர்ஷிப் ஃபங்ஷன்: பெரிய எதிர், சிறு எதிர், சுழி, சிறு நேர், பெரிய நேர். பிழைக்கு மையங்கள் −20, −10, 0, 10, 20 செ.மீ. மாற்றத்துக்கு −2 முதல் 2 வரை, விநாடிக்கு ஒரு மாதிரி. வெளியீட்டுக்கு −20 முதல் 20 வரை. விதித்தொகுப்பு எல்லாரும் எழுதும் அந்த மூலைவிட்ட அட்டவணைதான், 25 விதி.

ஒரு கணத்தை எடுப்போம். பிழை 6 செ.மீ., அது விநாடிக்கு 0.5 செ.மீ. குறைந்துகொண்டிருக்கிறது. பிழை 6 என்பது சுழியில் 0.4, சிறு நேரில் 0.6. மாற்றம் −0.5 என்பது சுழியில் 0.5, சிறு எதிரில் 0.5. ஆக நான்கு விதிகள் மட்டும் எழுகின்றன. பெருக்கல் முறையில் எடைகள்: சுழி–சுழி 0.2, முடிவு 0. சுழி–சிறு எதிர் 0.2, முடிவு −10. சிறு நேர்–சுழி 0.3, முடிவு +10. சிறு நேர்–சிறு எதிர் 0.3, முடிவு 0. எடையிட்ட சராசரி: −2 + 3 = 1.

இப்போது ஒரு சாதாரண பிஐ-யை அதன் அருகில் வையுங்கள். e பிழை, de பிழையின் மாற்றம், du வால்வுக்கான கூடுதல்:

```
du = 10*de + 1*e
   = 10*(-0.5) + 6 = 1
```

இது தற்செயல் இல்லை. சம இடைவெளி முக்கோணங்கள், மூலைவிட்ட அட்டவணை, பெருக்கல் முறை, எடையிட்ட சராசரி ஆகிய நான்கும் சேர்ந்தால் அட்டவணையின் நடுப்பகுதி முழுவதும் இந்த ஃபஸி கண்ட்ரோலர் அச்சு அசலாக ஒரு பிஐ: Kc 10, Ti 10 விநாடி. ஓரங்களில் வெளியீடு ±20-இல் முட்டி நிற்பது மட்டும் வேறுபாடு. பெருக்கலுக்குப் பதில் குறைந்ததை எடுக்கும் முறையில் 1-க்குப் பதில் 0.56 வரும். வளைவு கொஞ்சம் வருகிறது, ஆனால் அது பிழையைச் சார்ந்த வளைவு. மட்டம் 10-இல் இருக்கிறதா 50-இல் இருக்கிறதா என்பது இந்த 25 விதிகளில் ஒன்றுக்கும் தெரியாது.

விளைவும் அப்படியே. கீழே நிலைத்தன்மை இழக்கும் முன் மிச்சமிருக்கும் இடமான ஃபேஸ் மார்ஜின் ஏறக்குறைய 22 டிகிரிதான் மிஞ்சும், அலை அடங்கவே நேரமாகும். மேலே மூன்று நிமிட ஊசலாட்டம். மேலே நடப்பதை மெம்பர்ஷிப் ஃபங்ஷன் மொழியில் பார்த்தால் காரணம் தெளிவாகிவிடும். 50 செ.மீ.யில் பம்ப் முழுதாக ஓடினாலும் மட்டம் விநாடிக்கு 0.125 செ.மீ.க்கு மேல் ஏறாது. வால்வை முழுக்க மூடினாலும் 0.16-க்கு மேல் இறங்காது. நாம் வரைந்த எல்லை ±2. ஆகவே மாற்றம் எப்போதும் "சுழி"யில் 0.84-க்குக் கீழே வருவதே இல்லை. தணிப்பைத் தர வேண்டிய விதிகள் அட்டவணையில் இருந்தும் எழுவதில்லை. எல்லையை ±0.2-க்குச் சுருக்கினால் மேலே சரியாகும். ஆனால் 10 செ.மீ.யில் மட்டம் விநாடிக்கு 5 செ.மீ. வரை பாயக்கூடியது, அங்கே எப்போதும் ஓரத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். ஒரே எல்லை இரண்டுக்கும் பொருந்தாது. ஐந்தை ஏழாக்கி 49 விதி எழுதுவதும் இதைத் தீர்க்காது.

இந்த வகை ஃபஸிக்கு நியாயமான இடம் உண்டு. சுழிக்கு அருகே முக்கோணங்களை நெருக்கி வைத்தால் செட்பாயிண்ட் அருகே மென்மையாகவும் தொலைவில் வேகமாகவும் நடக்கும். அது நல்ல குணம்தான், ஆனால் கூம்பின் சிக்கலுக்கான பதில் அது அல்ல.

மூன்றாவது போட்டியாளர் மட்டத்தையே உள்ளீடாக எடுக்கிறது. 1985-இல் தகாகியும் சுகெனோவும் முன்வைத்த வடிவம் இதற்குக் கச்சிதம். விதிகள் மூன்றே மூன்று: மட்டம் தாழ்வு என்றால் 10 செ.மீ.க்கான பிஐ, நடு என்றால் 25-க்கானது, உயர்வு என்றால் 50-க்கானது. மேலே கொடுத்த அட்டவணைதான் விதித்தொகுப்பு. மட்டம் 35 என்றால் நடுவில் 0.6, உயர்வில் 0.4. எனவே Kc 60. அந்த மட்டத்துக்குச் சரியான மதிப்பு 53.5, அதாவது 12 சதவீதம் கூடுதல். 17 செ.மீ.யில் 15 வரும், சரியானது 12.6. எப்போதும் கூடுதலாகவே வருவதற்குக் காரணம் இருக்கிறது: h²-இன் வளைவில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் கோடு வளைவுக்கு மேலேதான் ஓடும். அதனால் மைய மதிப்புகளைச் சற்றுக் குறைத்தே வைப்பது நல்லது. 10 செ.மீ.க்குக் கீழே கவனம் வேண்டும். 5 செ.மீ.யில் தேவை 1.1, விதி தருவதோ 4.4. அங்கே வேலை இருந்தால் நான்காவது விதி கட்டாயம், இல்லையென்றால் செட்பாயிண்டுக்குக் கீழ் வரம்பு போட்டுவிடுங்கள். அப்புறம், Kc நகர்ந்துகொண்டே இருப்பதால் வால்வின் முழு நிலையைக் கணக்கிடாமல் மாற்றத்தை மட்டும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். அப்போதுதான் கெயின் மாறும்போது வால்வு துள்ளாது.

இந்த மூன்றில் என் தேர்வு மூன்றாவதுதான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், கூம்பின் வடிவம் தெரிந்தவருக்கு அதுவும் தேவையில்லை:

```
Kc = 0.0436*h*h
```

சாதாரண பிஐ-க்குள் இந்த ஒரு வரியைச் சேர்த்து, Ti-யைக் கீழே 11-இலிருந்து 32 வரை ஏற்றிவிட்டால் இடைமதிப்புப் பிழையும் இல்லை. சமன்பாடு கையில் இருக்கும் இடத்தில் ஃபஸி அதன் தோராயம் மட்டுமே. ஃபஸி தன் பெயரைச் சம்பாதித்த இடங்கள் வேறு மாதிரியானவை. மம்தானி 1970-களின் நடுவில் ஒரு நீராவி இயந்திரத்தில் செய்ததும், அதன்பின் சிமெண்ட் சூளைகளில் வந்ததும் சமன்பாட்டிலிருந்து பிறந்தவை அல்ல. இயக்குநர் வாயால் சொல்லக்கூடிய விதிகளே அங்கே மூலம். தொட்டியின் உள்ளே வண்டல் படிந்து வடிவமே தெரியாமல் போனால், சில மட்டங்களில் சிறு ஸ்டெப் சோதனை செய்து மூன்று விதியை நிரப்பும் வழி மறுபடி மதிப்புப் பெறுகிறது.

வெளியிடப்பட்ட ஒப்பீடு எதையாவது படிக்கும்போது பிஐடி எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று முதலில் தேடுங்கள். 1942-இன் சீக்லர்–நிக்கோல்ஸ் எண்கள் அப்படியே போடப்பட்டிருந்தால், அந்த விதி அலை நான்கில் ஒரு பங்காகக் குறைவதையே இலக்காகக் கொண்டது. ஓவர்ஷூட் வருவது அதன் குணம். அதற்கு எதிரே பொறுமையாகக் கையால் திருத்திய ஃபஸியை நிறுத்துவது சமமான போட்டி அல்ல. ஒரே மட்டத்தில் ஒரே ஸ்டெப் என்பதும் போதாது. 10, 25, 50 மூன்றிலும் அதே 2 செ.மீ. ஸ்டெப், மூன்றிலும் ஓட்டத்தில் அதே அளவு இடையூறு, பிழையின் மொத்தப் பரப்போடு வால்வு நகர்ந்த மொத்தத் தூரமும் வேண்டும். கடைசி எண் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. Kc 109-இல் சென்சாரின் 0.2 செ.மீ. நடுக்கமே வால்வை விநாடிக்கு 22 க.செ.மீ. அளவுக்கு ஆட்டும். பிழைப் பரப்பில் மூன்றாம் கண்ட்ரோலர் முன்னிலை பெற்றாலும் வால்வுத் தேய்மானத்தில் பின்தங்கலாம். அப்படி வந்தால் உயர்வு விதியின் 109-ஐ 60 அளவுக்கு இறக்கினாலே போதும். மேலே 617 விநாடி நேர மாறிலி இருக்கும்போது அந்த வேகக் குறைவு டிரெண்டில் கண்ணுக்கே படாது.