வீடியோ காலில் அப்பத்தா: கதை சொல்வதா, பேட்டி கொடுப்பதா?

அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம், பேரன் நியூஜெர்சியில். வாரம் ஒரு வீடியோ கால். "நல்லா இருக்கியா, சாப்டியா" முடிந்ததும் இருவரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். இதைச் சரிசெய்ய வீடுகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அப்பத்தா கதை சொல்வது. மற்றது, பேரன் நிருபராகி அவரைப் பேட்டி எடுப்பது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நாங்கள் நின்றது பேட்டியில்.

காரணம் "உம்" என்கிற ஒரே ஓசை. நம்மூர்க் கதைக்கு உம் கொட்ட ஆள் வேண்டும். அது நின்றால் பிள்ளை தூங்கிவிட்டான் என்று பாட்டி கதையை நிறுத்திவிடுவார். போனில் அந்த உம் பிழைப்பதில்லை. ஸ்பீக்கரில் பேசும்போது எதிரொலி வராமலிருக்க, இருவர் குரலும் ஒன்றாக விழுந்தால் ஒன்றைப் போன் அடக்கிவிடும். பேரன் உம் என்றால் சில சமயம் அது இரைச்சலோடு இரைச்சலாக வடிகட்டப்பட்டுப் போகும். சில சமயம் அப்பத்தாவின் ஒரு வார்த்தையே விழுங்கப்படும். மிஞ்சிய உம்மும் தாமதமாக வந்து அடுத்த வரியின் நடுவில் இடிக்கும். "என்னய்யா, கேக்கலையா?" என்று அவர் இரண்டு முறை கேட்டாலே கதை செத்துவிட்டது என்று அர்த்தம். ஹெட்போன் மாட்டினால் கொஞ்சம் தேறும், ஆனால் தாமதம் போகாது.

பேட்டியில் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேசுகிறார். அதனால் தாமதம் உறுத்துவதில்லை. ஒரே விதி: கேள்வி கேட்டபின் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். இடையில் புகுந்து "ஏதாவது கேளுடா" என்று தூண்டும் அப்பா, அம்மாதான் பெரிய தொந்தரவு.

ஒரு பேட்டிக்கு ஒரு பொருள், ஐந்து கேள்வி, இருபது நிமிடம். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று தொடங்கினால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். கையில் பிடிக்கக்கூடிய பொருளில் தொடங்க வேண்டும். சித்திரைத் திருவிழா நாளில் இப்படிப் போகும்:

"என்ன அப்பத்தா, சொம்பா?"

"சர்க்கரைச் செம்புய்யா. அழகரு ஆத்துல எறங்கயில கொண்டு போறது."

"உள்ள என்ன?"

"நாட்டுச் சர்க்கரை. மேல வாழை எலையைக் கட்டி, சூடம் ஏத்துவோம்."

"எல சுடாதா?"

மூன்றாவது கேள்வி தாளில் எழுதி வைத்ததல்ல, பதிலிலிருந்து முளைத்தது. ஐந்தில் ஒன்றாவது இப்படி வந்தால் பேட்டி ஓடுகிறது என்று கொள்ளலாம். அடுத்து, மதுரைக்கு எதில் போனார்கள், கட்டுச்சோறு யார் கட்டினார்கள், கூட்டத்தில் தொலைந்தால் எங்கே வந்து நிற்கச் சொல்வார்கள் என்று குறுகிய கேள்விகளாகவே போக வேண்டும்.

போனை முகத்தின் உயரத்தில் எதிலாவது சாய்த்து வையுங்கள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும். வெளிச்சம் எதிரிலிருந்து விழட்டும். பொருளைக் காட்ட மட்டும் கேமராவைப் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நாள்பட ஓட்டுவதிலும் பேட்டிக்கே வசதி. கதை இருப்பு சில மாதத்தில் தீர்ந்துவிடும். சுளகு, படி, உலக்கை, பல்லாங்குழி என்று பொருள் அவ்வளவு சீக்கிரம் தீராது. அயல்நாட்டுப் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் குறைவு. கதையில் "சுளகு" புரியாவிட்டால் நூல் அறுந்துபோகும். பேட்டியில் "சுளகுன்னா என்ன?" என்பதே அடுத்த கேள்வியாகிவிடும். நேரம் மட்டும் கவனம்: நம்மூர் மாலை 7 மணி அங்கே கோடையில் காலை 9.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 8.30. சொல்லி வைக்காவிட்டால் அந்த வாரம் அப்பத்தா சும்மா காத்திருப்பார்.

கதை ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது கீச்சுக்குரல் கேட்கும் திறன்தான். பிள்ளையின் கேள்வி எட்டாதபோது பேட்டி வதைதான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு நாங்கள் அதிகம் பார்க்கவில்லை, கேள்வி கோர்க்கும் பொறுமை அவர்களுக்கு இருக்காது என்றே தோன்றுகிறது. அப்படியானாலும் கதையை நேரடி காலில் வைக்க வேண்டாம். வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளை தூங்கும் நேரத்தில் தடங்கலின்றி ஓடும், திரும்பவும் கேட்கலாம். மைக் குறியை அழுத்தி மேலே இழுத்துவிட்டால் பதிவு பூட்டிக்கொள்ளும். அதன்பின் அப்பத்தா இரண்டு கையையும் ஆட்டி ஆட்டியே சொல்லலாம்.